அடிக்கும் போனை எடுக்க விடலாமா?

போட்டிக்கு அனுப்பவிருந்த எங்கள் குறும்படம் 12 நிமிடம். மகனோடு ஏழு வருடமாகப் பேசாத ஓர் அப்பாவின் கதை. கடைசிக் காட்சியில் அவர் தட்டு கழுவிக்கொண்டிருக்கும்போது போன் அடிக்கிறது. எடுத்து, "சாப்பிட்டியாடா?" என்று கேட்பதோடு முடிப்பதா, அடித்துக்கொண்டிருக்கும்போதே வெட்டுவதா? "வெட்டிடலாம்ணே, நடுவர்களுக்குத் திறந்த முடிவுதான் பிடிக்கும்" என்றார் எடிட்டர் தம்பி.

முடியாத கதை மனதில் நிற்கும் என்பதற்கு ஆதாரமாகப் பலரும் காட்டுவது, ப்ளூமா ஜெய்கார்னிக் 1927-இல் வெளியிட்ட பெர்லின் ஆய்வை. களிமண்ணில் உருவம் பிடிப்பது, புதிர் அவிழ்ப்பது என்று சிறு வேலைகளைக் கொடுத்து, பாதி வேலைகளை நடுவிலேயே நிறுத்திவிட்டார். பிறகு கேட்டபோது, முடிக்காத வேலைகளே அதிகம் நினைவுக்கு வந்தன. ஆனால் பிற்காலத்தில் அதைத் திரும்பச் செய்து பார்த்தவர்களுக்கு அதே முடிவு எப்போதும் கிடைக்கவில்லை. அதே குழுவிலிருந்த மரியா ஓவ்சியாங்கினா 1928-இல் கண்டதுதான் உறுதியாக நின்றது. யாரும் சொல்லாமலே, பாதியில் விட்ட வேலையை நோக்கி மனிதர்களின் கை திரும்பப் போகிறது.

எனக்கு இதில் பெரிதாகப் பட்டது ஒன்று: அந்த ஆய்வுகளில் பங்கேற்றவர்களுக்கு எதை முடிக்க வேண்டும் என்பது தெரிந்திருந்தது. புதிரே என்னவென்று தெரியாதவனுக்கு அதை முடிக்கும் தவிப்பு எங்கிருந்து வரும்?

இரண்டு முடிவுகளையும் நண்பர்களுக்குத் தனித்தனியாகப் போட்டுக் காட்டி, மனதில் நிற்பதை ஒரு வரியில் எழுதித் தரச் சொன்னோம். பேச விடவில்லை, ஒருவர் சொன்னால் மற்றவரும் அதையே சொல்லிவிடுவார். போனை எடுக்கும் முடிவைப் பார்த்தவர்கள், "நல்லா இருக்கு, சேர்ந்துட்டாங்க" என்று எழுதினார்கள். வெட்டிய முடிவைப் பார்த்தவர்களில் பெரும்பாலோர் எழுதியது, "போன் பண்ணியது யார்?" அது தவிப்பே அல்ல, நாங்கள் சொல்ல மறந்த தகவல். நடுவர் குழுவிலும் விவாதம் அதிலேயே தேங்கியிருக்கும்.

திறந்த முடிவு எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு ஒரு படம் உண்டு. ஆல்பர்ட் லாமொரிஸின் 'சிவப்பு பலூன்' 1956-இல் கான் விழாவில் குறும்படத்துக்கான தங்கப்பனை விருதைப் பெற்றது. ஒரு சிறுவனின் பலூனை மற்றப் பையன்கள் தாக்கி அழித்துவிடுகிறார்கள். பாரிஸின் பலூன்களெல்லாம் பறந்து வந்து சிறுவனைத் தூக்கிச் செல்கின்றன. பலூனுக்கு என்ன ஆயிற்று என்பதில் சந்தேகமே இல்லை. அவன் எங்கே போகிறான் என்பதை மட்டும் படம் சொல்வதில்லை. நடந்தது மூடியிருக்கிறது, அதற்கு மேல் திறந்திருக்கிறது. (துப்பறியும் கதைக்கு இது பொருந்தாது, அங்கே கொலையாளியைக் காட்டியே ஆக வேண்டும்.)

அதனால் ஒரு ஷாட் மட்டும் சேர்த்தோம். போன் திரையில் மகனின் பெயர். அப்பா ஈரக் கையை வேட்டியில் துடைக்கிறார். கை போனுக்கு மேலே வந்து நிற்கிறது. புதிதாகப் பார்த்தவர்கள் எழுதிய வரிகள் மாறின. "எடுப்பார்", "எடுக்க மாட்டார், அந்த முகம் அப்படி" என்று இரண்டு கட்சி.

அதையே அனுப்பினோம். திரை இருண்ட பிறகும் போன் இரண்டு முறை அடிக்கும். மூன்றாவது மணிக்கு முன் பெயர்கள் ஓடத் தொடங்கும்.