புத்தகத்தை மூடிவிட்டுப் படியுங்கள்

ஒரே பாடத்தை நாலு தடவை வாசித்தால், நாலாவது தடவை எல்லாம் தெரிந்ததுபோல் இருக்கும். அந்த உணர்வை நம்பலாமா? அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹென்றி ரோடிகர், ஜெஃப்ரி கார்ப்பிக் என்ற இரு உளவியலாளர்கள் 2006இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு விடை சொல்கிறது.

கல்லூரி மாணவர்களிடம் ஒரு சிறு கட்டுரையைக் கொடுத்தார்கள். ஒரு குழு நான்கு அமர்வுகளிலும் வாசித்தது. சராசரியாக 14 முறை வாசித்துவிட்டார்கள். இன்னொரு குழு முதல் அமர்வில் மட்டும் மூன்று நான்கு முறை வாசித்தது. மற்ற மூன்றிலும் கட்டுரையைப் பார்க்காமல், நினைவில் இருந்ததையெல்லாம் வெற்றுத்தாளில் எழுதியது. ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது வாசித்தவர்களே முந்தினார்கள்: 83 சதவீதம், எழுதியவர்கள் 71. ஒரு வாரம் கழித்து வாசித்தவர்களுக்கு 40 சதவீதமே மிஞ்சியது, எழுதியவர்களுக்கு 61. ஆனால் தங்களுக்கு நன்றாக நினைவிருக்கும் என்று அதிகம் நம்பியவர்கள், வாசித்துக்கொண்டே இருந்தவர்கள்தான். கண்ணுக்குப் பழகிப்போன வரியை மனதில் பதிந்த வரி என்று எண்ணிவிடுகிறோம்.

இதயத்தின் ரத்த ஓட்டம் பரீட்சைக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒருமுறை புரிந்து படித்ததும் புத்தகத்தை மூடி, வலது ஆரிக்கிளில் தொடங்கி மகாதமனி வரை படமாக வரைந்து எழுத வேண்டும். பிறகு புத்தகத்தோடு ஒப்பிட வேண்டும். நுரையீரல் தமனியில் ஆக்சிஜன் நிறைந்த ரத்தம் ஓடுவதாக எழுதியிருந்தால், அது அங்கேயே பிடிபடும். எத்தனை முறை வாசித்தாலும் இந்தத் தவறு வெளியே தெரிந்திருக்காது. ஒப்பிட்டுத் திருத்தாமல் விட்டால் தவறே மனதில் நின்றுவிடலாம். பாதிகூட எழுத வரவில்லையென்றால் பாடம் இன்னும் புரியவில்லை. மறுபடி படித்துவிட்டுத்தான் எழுதிப் பார்க்க வேண்டும்.

அடுத்த முறை எப்போது எழுதுவது? 2008இல் நிக்கோலஸ் செபிடாவும் அவருடைய சகாக்களும் 1,350க்கும் மேற்பட்டவர்களுக்குப் பொது அறிவுச் செய்திகளைக் கற்பித்து, வெவ்வேறு இடைவெளி விட்டு ஒருமுறை திருப்பிப் பார்க்கச் செய்தார்கள். திருப்புதலிலிருந்து இறுதிச் சோதனைக்கு ஒரு வாரம் இருந்தால், முதல் படிப்புக்கும் திருப்புதலுக்கும் நடுவே ஒரு நாள் விட்டதே சிறந்த பலன் தந்தது. ஐந்து வாரம் இருந்தால் சுமார் 11 நாள். சோதனை தள்ளிப்போகப் போக இடைவெளியும் நீள வேண்டியிருந்தது. ஒரே ஒரு திருப்புதலை வைத்து வந்த கணக்கு இது. இரண்டு மூன்று முறை எழுத நேரமுள்ளவர்கள் நாட்களை அப்படியே பின்பற்றத் தேவையில்லை. நடுவே கொஞ்சம் மறக்க நேரம் விட்டால் போதும்.

அப்படி எழுதும்போது வார்த்தை வராமல் தடுமாறுவது எரிச்சலாகத்தான் இருக்கும். பெற்றோரே, பிள்ளை வெற்றுத்தாளின் முன் யோசித்தபடி உட்கார்ந்திருந்தால், "சும்மா இருக்காமல் புத்தகத்தை எடுத்துப் படி" என்று அதட்டாதீர்கள்.