பேரப்பிள்ளைகள் புலம்பல் (யாழ்ப்பாணக் கல்வெட்டு மரபு)

பேரப்பிள்ளைகள் புலம்பல் என்பது, இறந்துபோன பேரனாருக்கோ பேர்த்தியாருக்கோ அவர்களுடைய பேரப்பிள்ளைகள் பாடுவதுபோல் இயற்றப்படும் இரங்கற்பா ஆகும். இது யாழ்ப்பாணத் தமிழரிடையே வழங்கும் 'கல்வெட்டு' என்னும் நினைவு நூலில் ஒரு பகுதியாக இடம்பெறுகிறது. இழப்பின் துயரையும், பெற்றவற்றுக்கான நன்றியையும் ஒரே பாட்டில் சொல்ல வேண்டியிருப்பதால், கல்வெட்டின் மற்றப் பகுதிகளைவிட இதை எழுதுவது சற்றுக் கடினமானது.

கல்வெட்டு என்னும் நினைவு நூல்

கல்வெட்டு என்ற சொல் பொதுவாகக் கல்லில் பொறித்த சாசனத்தைக் குறிக்கும். யாழ்ப்பாண வழக்கில் அது, இறந்தவர் நினைவாக அச்சிட்டு, 31ஆம் நாள் அந்தியேட்டிக் கிரியைக்கு வருவோருக்கு வழங்கும் சிறு நூலையும் குறிக்கிறது. இப்போது இதனை 'நினைவு மலர்' என்றும் அழைப்பர். நூலகம் எண்ணிம நூலகத்தில் இத்தகைய மலர்கள் பல சேர்த்து வைக்கப்பட்டுள்ளன.

சைவக் குடும்பங்களின் கல்வெட்டு பெரும்பாலும் விநாயகர் காப்புடன் தொடங்கும். அடுத்துத் திதி வெண்பா வரும். இறந்த ஆண்டு, மாதம், பட்சம், திதி ஆகியவற்றை ஒரு வெண்பாவுக்குள் அடக்கிச் சொல்வது இதன் வேலை. ஆட்டைத் திவசமும் அதன் பின்வரும் ஆண்டுத் திவசங்களும் திதிப்படி செய்யப்படுவதால், குடும்பத்தினர் மறக்காமல் இருக்க இந்த வெண்பா உதவுகிறது. அதன் பின் இறந்தவரின் குடும்ப வரலாறும், மனைவி, மக்கள், மருமக்கள், பேரப்பிள்ளைகள் என்று உறவு முறைப்படி புலம்பல்களும் வரும். தேவார திருவாசகப் பாடல்களும், உதவியவர்களுக்கான நன்றி நவிலலும் சேர்க்கப்படும்.

இப்பாடல்களைப் பெரும்பாலும் குடும்பத்தினர் தாமே எழுதுவதில்லை. ஊரில் யாப்பு அறிந்த ஆசிரியர் ஒருவரோ புலவரோ குடும்பத்தாரிடம் விவரம் கேட்டு எழுதிக் கொடுப்பார். எனவே புலம்பலில் பேசும் குரல் பேரப்பிள்ளையுடையது, எழுதும் கை வேறொருவருடையது. இதனால் வரும் சிக்கலைக் கீழே காணலாம்.

பழைய வேர்

இறந்தவரை நினைந்து பாடுவதைத் தொல்காப்பியம் புறத்திணையியலில் காஞ்சித் திணையின் கீழ்க் 'கையறுநிலை' என்னும் துறையாகச் சொல்கிறது. புறநானூற்றின் 235ஆம் பாடலில், அதியமான் நெடுமான் அஞ்சி இறந்தபோது ஔவையார் பாடிய முறை இங்கு கவனிக்கத்தக்கது. அவர் தம் துயரின் அளவைச் சொல்லித் தொடங்கவில்லை. கள் சிறிதளவே இருந்தால் எங்களுக்கே தந்துவிடுவான், மிகுதியாக இருந்தால் நாங்கள் பாட அவனும் மகிழ்ந்து உண்பான் என்று, அவன் தந்த சிறு பொருள்களிலிருந்து தொடங்குகிறார். அவை இனி இல்லை என்பது அந்தப் பட்டியலிலிருந்தே நமக்குப் புரிகிறது.

பேரப்பிள்ளைகள் புலம்பலுக்கும் இதுவே வழி. தந்ததைச் சொல்வது நன்றி. தந்தவர் இல்லை என்று உணர்வது துயர். ஒரே செய்தி இரண்டையும் சுமப்பதால், 'பாதிப் பாட்டுத் துயரம், பாதிப் பாட்டு நன்றி' என்று பிரிக்க வேண்டிய தேவை இருக்காது.

மற்றப் புலம்பல்களிலிருந்து வேறுபாடு

மனைவியின் புலம்பல், துணையை இழந்த வாழ்வைப் பற்றியது. மக்களின் புலம்பல், தம்மை ஆளாக்கிய உழைப்பைப் பற்றியது. பேரப்பிள்ளைகளோ பேரனாரின் இளமைப் பாடுகளை நேரில் கண்டவர்கள் அல்லர். அவர்கள் கண்டது முதுமையில் இருந்த ஒருவரை: அவர் நடக்கும் வேகம், திட்டும் முறை, சொல்லிக் கொடுத்த ஒரு கைவேலை. ஆகவே இப்பகுதியில் ஊர்ப் பெருமையும் பதவியும் வரும்போது குரல் பொய்யாகிவிடுகிறது. 'கருணைக் கடலே', 'குலவிளக்கே' போன்ற விளிகள் எந்தக் கல்வெட்டிலும் பொருந்தும். ஒரு வரியில் இறந்தவரின் பெயரை எடுத்துவிட்டு வேறொருவர் பெயரை வைத்தாலும் அது பொருந்துமானால், அந்த வரி இவரைப் பற்றி எதையும் சொல்லவில்லை என்று அறியலாம்.

ஓர் எடுத்துக்காட்டு

வாழைச் செய்கைக்குப் பெயர்பெற்ற நீர்வேலியில் தோட்டம் செய்த ஒரு பேரனாரை எண்ணிக்கொள்வோம். தந்தைவழிப் பேரனார் என்பதால் பிள்ளைகள் அவரை 'அப்பப்பா' என்று அழைப்பர். எழுதுபவர் வீட்டாரிடம் "அவர் எப்படிப்பட்டவர்?" என்று கேட்டால், நல்லவர், இரக்கமுள்ளவர் என்ற விடைதான் வரும். "விடிந்தால் முதலில் என்ன செய்வார்? உங்களிடம் எதைத் திரும்பத் திரும்பச் சொல்வார்?" என்று கேட்டால் பாட்டுக்கான பொருள் கிடைக்கும். இங்கு கிடைத்த விடைகள் இரண்டு என்று வைத்துக்கொள்வோம். விடியுமுன் பிள்ளைகளை எழுப்பித் தோட்டத்துக்குக் கூட்டிச் செல்வார். கிணற்றில் வாளி விடும்போது கயிற்றை அளந்து விடச் சொல்வார்.

இவற்றை அறுசீர் ஆசிரிய விருத்தத்தில் பாடலாம். ஒவ்வோர் அடியிலும் ஆறு சீர்கள், 'மா மா காய், மா மா காய்' என்னும் வாய்பாட்டில் வரும். முதற் சீரும் நான்காம் சீரும் மோனையால் இணையும். நான்கு அடிகளும் இரண்டாம் எழுத்தில் எதுகை பெறும்.

வாழைக் கெல்லாம் விடியுமுன்னே வாய்க்கால் கட்டும் அப்பப்பா
கோழி கூவும் நேரத்தில் கூட எம்மை அழைத்தாயே
ஆழக் கிணற்றில் நீரெடுக்க அளந்து கயிறு விடச்சொன்னாய்
சூழ நிற்கும் சிறுவர்க்குச் சொல்வார் இனியார் அம்முறையே

முதல் மூன்று அடிகளிலும் அழுகைச் சொல் ஒன்றுகூட இல்லை. அவை அவர் செய்ததை மட்டும் சொல்கின்றன. நான்காம் அடியில் வரும் 'இனி' என்ற சொல்லில்தான் துயர் வெளிப்படுகிறது. முதலடியிலேயே 'ஐயோ' என்று தொடங்கியிருந்தால், பின்வரும் மூன்று அடிகளுக்கும் உயரச் செல்ல இடம் இருந்திராது.

இரண்டாம் பாடல் நன்றிக்கு நகர்கிறது.

அளந்து விட்ட கயிறின்றும் அறையில் தொங்கக் காண்கின்றோம்
வளர்ந்த எங்கள் கைகளிலே வந்து நிற்கும் உன்பழக்கம்
விளைந்த குலையில் முதற்சீப்பை வீட்டில் உன்முன் படைக்கின்றோம்
களைத்தாய் போதும் உறங்கிடுவாய் காணி நாங்கள் பார்ப்போமே

இங்கு 'நன்றி' என்ற சொல் வரவில்லை. முதற்பாட்டின் கயிறு மீண்டும் வருகிறது. அவர் கற்பித்த பழக்கம் பிள்ளைகளின் கையில் தொடர்கிறது. விளைச்சலின் முதற் சீப்பு அவருக்கே படைக்கப்படுகிறது. 'காணி நாங்கள் பார்ப்போமே' என்பது வீட்டார் நாளாந்தம் பேசும் பேச்சு. பெற்றதைத் தொடர்ந்து செய்வோம் என்ற உறுதியே இப்பாட்டில் நன்றியாகிறது. பிறந்தவர் இறப்பது இயற்கை என்னும் தத்துவ ஆறுதலை இங்கு சேர்த்தால் அது பிள்ளைகளின் வாய்ப்பேச்சாக ஒலிக்காது. அத்தகைய ஆறுதல் பெரியவர்கள் சொல்லும் தேற்றப் பாடலுக்கு உரியது.

பிழை நேரும் இடங்கள்

சீர் பிரிக்கும்போது சொற்கள் உடைவதைக் கவனிக்க வேண்டும். 'வாழைக்கு எல்லாம்' என்பது 'வாழைக் கெல்லாம்' என்றானதில் கேடு இல்லை. ஆனால் இரண்டாம் பாட்டில் 'வந்து சேர்ந்தது உன்பழக்கம்' என்று எழுதினால், சீர் பிரியும்போது அது 'வந்து சேர்ந்த துன்பழக்கம்' என்றாகும். வாய்பாடு சரிதான். கேட்பவர் காதில் மட்டும் 'துன்பம்' என்று விழும். கல்வெட்டை அந்தியேட்டி வீட்டில் உரக்கப் படிக்கும் வழக்கம் இருப்பதால், அச்சுக்குக் கொடுக்குமுன் ஒருவர் படிக்க இன்னொருவர் கேட்டுப் பார்ப்பது இத்தகைய பிழைகளைக் காட்டிக் கொடுக்கும்.

அடுத்தது மரியாதை. யாழ்ப்பாணத்தில் பேரப்பிள்ளைகள் பேரனாரை 'நீங்கள்' என்றே பேசுவர். பாட்டில் 'அழைத்தாய்', 'சொன்னாய்' என்று ஒருமையில் வருவது, இறைவனை ஒருமையில் விளிக்கும் பாடல் மரபைச் சார்ந்தது. இதனை விரும்பாத வீட்டார் 'அழைத்தீரே', 'விடச்சொன்னீர்', 'உம்பழக்கம்' என்று மாற்றிக்கொள்ளலாம். அசை எண்ணிக்கை மாறாததால் யாப்புக் கெடாது. ஆனால் இரு பாட்டிலும் ஒரே முறையைப் பின்பற்ற வேண்டும்.

மூன்றாவது, எல்லாப் பேரப்பிள்ளைகளின் பெயரையும் பாட்டுக்குள் கொண்டுவரும் முயற்சி. பெயர்கள் வாய்பாட்டுக்கு வளையாதபோது அவை சிதைக்கப்படும், அல்லது நடுவே பொருளற்ற அசைச்சொற்கள் நிரப்பப்படும். பெயர்களைப் பாட்டின் கீழே உரைநடையில் வரிசையாகத் தருவது நல்லது.

தொலைவில் வளர்ந்த பேரப்பிள்ளைகள்

போரினால் குடும்பங்கள் கனடாவிலும் ஐரோப்பிய நாடுகளிலும் சிதறியபின், பேரனாருடன் ஒரே வீட்டில் வாழாத பேரப்பிள்ளைகள் பலர் உள்ளனர். அவர்கள் பெயரில் 'மடியில் வளர்த்தாயே' என்று பாடினால் அது உண்மையாகாது. அவர்களுக்கு உண்மையில் கிடைத்தவை வேறு: தொலைபேசியில் கேட்ட குரல், ஒவ்வொரு முறையும் அவர் கேட்ட அதே கேள்வி, விடுமுறைக்கு வந்தபோது வெட்டித் தந்த இளநீர். கிடைத்தது சிறிதாயினும் அதையே சொல்லி, கிடைக்காமற் போன காலத்தையும் மறைக்காமல் சொன்னால், அந்தப் புலம்பலிலும் நன்றியும் துயரும் தம்மிடத்தைப் பெறுகின்றன. தமிழ் எழுதத் தெரியாத பிள்ளைகள் தம் நினைவைத் தெரிந்த மொழியில் உரைநடையாகச் சொல்ல, அதைப் பெரியவர் ஒருவர் பாட்டாக்குவதும் உண்டு. அப்போதும் பிள்ளை சொன்ன அந்த ஒரு செய்தி மாறாமல் பாட்டில் இருக்க வேண்டும்.