கடை போடுமுன் ஒரு பக்கம் போடுங்கள்

கோவையில் தனியாக இருக்கும் வயதான பெற்றோருக்கு, உப்பும் எண்ணெயும் குறைத்த மதியச் சாப்பாட்டைத் தினமும் வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுப்பது. மாதம் 4,500 ரூபாய். சாப்பிடுபவர் கோவையில் இருப்பார்; பணம் கட்டும் பிள்ளை பெங்களூரிலோ சென்னையிலோ இருப்பார். இப்படி ஒரு தொழில் தொடங்கலாமா என்று நான்கு பேரிடம் கேட்டால் நான்கு பேருமே "நல்ல ஐடியா, உடனே ஆரம்பிங்க" என்பார்கள். சமையற்கூடம், பாத்திரங்கள், கேரியர்கள், இரண்டு பேருக்குச் சம்பளம் என்று ஆறு லட்சம் ரூபாய் போடப்போவது அவர்கள் இல்லையே!

அந்த ஆறு லட்சத்தைத் தொடுமுன் பத்தாயிரம் ரூபாயில் ஒரு சோதனை செய்து பார்க்கலாம். ஒரே ஒரு இணையப் பக்கம், அதற்குக் கொஞ்சம் விளம்பரம், அவ்வளவுதான். இதற்கு லேண்டிங் பேஜ் சோதனை என்று பெயர்.

இதில் முக்கியமானது பக்கத்தின் அழகு இல்லை, அது கேட்கும் கேள்வி. 2010-ல் இங்கிலாந்தைச் சேர்ந்த ஜோயல் காஸ்கோயின் என்ற இளைஞர், ட்விட்டர் பதிவுகளை முன்கூட்டியே வரிசைப்படுத்தி வைக்கும் 'பஃபர்' சேவையைக் கட்டுமுன் இதைத்தான் செய்தார். முதலில் அவர் போட்ட பக்கத்தில் பொத்தானை அழுத்தினால், "இன்னும் தயாராகவில்லை, மின்னஞ்சல் முகவரியைக் கொடுங்கள்" என்று வரும். சிலர் கொடுத்தார்கள். முகவரி கொடுப்பதற்குக் காசு செலவில்லை என்பதால், அடுத்து நடுவில் இன்னொரு பக்கத்தைச் செருகினார். அதில் இலவசம், மாதம் 5 டாலர், மாதம் 20 டாலர் என்று மூன்று திட்டங்கள் இருந்தன. விலையைப் பார்த்த பிறகும் சிலர் கட்டணத் திட்டத்தை அழுத்தினார்கள். அதற்குப் பிறகுதான் நிரல் எழுத உட்கார்ந்தார். நவம்பர் இறுதியில் சேவை வெளிவந்தது. சில நாட்களிலேயே பணம் கட்டிய முதல் வாடிக்கையாளர் வந்துவிட்டார். விலை சொல்லாத பக்கம் ஆர்வத்தை மட்டுமே அளக்கும் என்பதுதான் இதிலுள்ள பாடம்.

நம் சாப்பாட்டுத் தொழிலுக்கு வருவோம். இனி வரும் எண்கள் கணக்குப் புரிவதற்காக நான் வைத்துக்கொண்டவை. பக்கத்தில் என்ன சாப்பாடு, எந்தெந்தப் பகுதிகளுக்கு, எந்தத் தேதியில் தொடங்குகிறது, மாதம் எவ்வளவு என்ற நான்கு விஷயங்கள் இருந்தால் போதும். கீழே 'முன்பதிவு' என்று ஒரு பொத்தான். அழுத்தினால் பெயர், வாட்ஸ்அப் எண், அதோடு யுபிஐ வழியாக 199 ரூபாய் முன்பணம். தொடங்காவிட்டால் முழுப் பணமும் திரும்ப வரும் என்று அதே இடத்தில் எழுதிவிட வேண்டும். இன்னும் தொடங்காத சேவை என்பதை மறைக்கக் கூடாது. அது ஏமாற்று வேலை என்பது ஒரு பக்கம். கிடைக்காத பொருளைக் கிடைப்பதாகக் காட்டும் விளம்பரங்களைக் கூகுளின் விதிகளும் அனுமதிப்பதில்லை.

அடுத்தது விளம்பரம். "கோவையில் பெற்றோருக்குச் சாப்பாடு" என்ற பொருளில் தேடுபவருக்கு மட்டும் காட்டும் கூகுள் தேடல் விளம்பரம் இதற்குப் பொருத்தம். காசு கரைவதும் இங்கேதான். இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது கூகுள் தானாகவே `Presence or interest` என்று வைத்திருக்கும். அதாவது பெங்களூரில் இருப்பவர்களோடு, பெங்களூரைப் பற்றித் தேடுகிற வேறு ஊர்க்காரருக்கும் உங்கள் செலவில் காட்டும். அதை `Presence` என்று மாற்ற வேண்டும். டிஸ்ப்ளே நெட்வொர்க் என்ற பெட்டியிலும் டிக் போட்டே வைத்திருக்கும், எடுத்துவிடுங்கள். இல்லையென்றால் ஏதோ ஓர் இணையதளத்தின் ஓரத்தில் விரல் தவறிப் பட்டதெல்லாம் உங்கள் கணக்கில் ஏறும்.

விளம்பரம் ஓடத் தொடங்கிய மறுநாளிலிருந்து `Search terms` பட்டியலைத் தினமும் பாருங்கள். மக்கள் உண்மையில் என்ன தட்டச்சு செய்து வந்தார்கள் என்று அதில் இருக்கும். "கோவை கேட்டரிங் வேலை" என்று தேடியவர்கள் வந்திருந்தால் 'வேலை' என்ற சொல்லை விலக்குப் பட்டியலில் சேர்க்க வேண்டும். "வீட்டோடு இருந்து பார்த்துக்கொள்ள ஆள்" என்று நிறையப் பேர் தேடியிருந்தால் கொஞ்சம் நின்று யோசியுங்கள். அவர்களுக்கு வேண்டியது சாப்பாடா, துணைக்கு ஓர் ஆளா? என்னைக் கேட்டால், முன்பதிவு எண்ணிக்கையைவிட இந்தப் பட்டியல்தான் பல நேரம் அதிகம் சொல்லும்.

இரண்டு வாரத்தில் 9,000 ரூபாய் செலவாகிறது, ஒரு கிளிக்குக்கு 20 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 450 பேர் வருகிறார்கள், 27 பேர் முன்பதிவை அழுத்துகிறார்கள், 5 பேர் 199 ரூபாய் கட்டுகிறார்கள். எண்ண வேண்டியது இந்த ஐந்தை மட்டுமே. விளம்பரச் செலவோடு 18 சதவீத ஜிஎஸ்டியும் சேரும், ஆக மொத்தம் 10,620 ரூபாய். ஒரு வாடிக்கையாளரைப் பிடிக்க ஆன செலவு 2,124.

இது லாபமா, நஷ்டமா? சமையல், டெலிவரி எல்லாம் போக ஒருவரிடமிருந்து மாதம் 1,100 ரூபாய் மிஞ்சும், ஒருவர் நான்கு மாதம் நீடிப்பார் என்று கொண்டால் கையில் நிற்பது 4,400. 2,124 கொடுத்து 4,400 வருகிறது. பரவாயில்லையே என்று தோன்றும்.

அவசரப்பட வேண்டாம். ஐந்து என்பது மிகச் சிறிய எண். இதே விளம்பரத்தை இன்னொரு 450 பேருக்குக் காட்டினால் மூன்று பேர் கட்டலாம், எட்டுப் பேரும் கட்டலாம். புள்ளியியல் கணக்குப்படி, 450-ல் 5 என்ற விடைக்குப் பின்னால் இருக்கும் உண்மையான அளவு சுமார் 2-லிருந்து 11 வரை எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம். 2 என்றால் ஒருவரைப் பிடிக்கும் செலவு 5,000-ஐத் தாண்டி, தொழில் நஷ்டத்தில் ஓடும். 11 என்றால் ஆயிரத்துக்குள் முடிந்து நன்றாகவே ஓடும். பூஜ்யம் வந்தாலும் இதே கதைதான். 100 பேர் வந்து ஒருவர்கூடக் கட்டவில்லை என்றாலும், உண்மை விகிதம் 3 சதவீதம் வரை இருக்க வாய்ப்புண்டு. நூறு பேரோடு கடையை மூடுவதும் தவறு, ஐந்து பேரைப் பார்த்து மிஷின் வாங்குவதும் தவறு.

அதனால் விளம்பரத்தை ஓட விடுமுன்பே கோட்டைக் கிழித்து, தாளில் எழுதி வைத்துவிட வேண்டும். மூன்றுக்குக் குறைந்தால் விடுவது, எட்டுக்கு மேல் போனால் அடுத்த கட்டம், நடுவில் நின்றால் அதே பக்கம், அதே விலையில் இன்னொரு சுற்று. எண்கள் வந்த பிறகு கோடு கிழித்தால், நமக்குப் பிடித்த இடத்தில்தான் கிழிப்போம். சித்தி மகனும் பழைய சக ஊழியரும் பாசத்தில் கட்டிய 199-ஐக் கழித்துவிட்டு எண்ணுங்கள்.

இந்தச் சோதனையால் சொல்ல முடியாத விஷயமும் ஒன்று உண்டு. நான்கு மாதம் நீடிப்பார் என்று மேலே எழுதியது வெறும் ஊகம். முழுக் கணக்கும் அதன் மேல்தான் நிற்கிறது. அம்மாவுக்கு ரசம் பிடிக்கவில்லை என்றால் மகன் அடுத்த மாதம் நிறுத்திவிடுவார். இணையப் பக்கம் ரசத்தை ருசி பார்க்காது. எனவே இரண்டாவது சுற்றும் தேறினால், உணவுப் பாதுகாப்புப் பதிவை வாங்கிக்கொண்டு, பணம் கட்டியவர்களுக்கு மட்டும் ஒரு மாதம் வீட்டு அடுப்பிலேயே சமைத்துக் கொடுங்கள். அவர்களில் எத்தனை பேர் இரண்டாம் மாதத்துக்குப் பணம் கட்டுகிறார்கள் என்று தெரியும்வரை சமையற்கூடத்துக்கு அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.