நள்ளிரவில் தொண்டை இறுகி மூச்சு முட்டினால்...

நமக்கு நன்கு தெரிந்த சகோதரர் ஒருவர். வயது 45. உறவினர் வீட்டு வலீமா விருந்தில் இரவு பத்து மணிக்குப் பிரியாணி சாப்பிட்டு, ஒரு சுலைமானியும் குடித்துவிட்டு வீடு திரும்பினார். களைப்பில் பதினொரு மணிக்கெல்லாம் படுத்துவிட்டார்.

இரவு ஒன்றரை மணிக்குத் திடீரென்று எழுந்து உட்கார்ந்தார். தொண்டையை யாரோ கயிற்றால் இறுக்கியதுபோல் இருந்தது. மூச்சை இழுத்தால் காற்று உள்ளே போகவில்லை. "ஹீ...ஹீ..." என்று கீச்சொலி மட்டும் வந்தது. பேசவும் முடியவில்லை. மனைவி ஹார்ட் அட்டாக் என்று நினைத்து அலறினார். மகன் தண்ணீரை வாயில் ஊற்ற வந்தான். உம்மா முதுகில் தட்டினார்கள். கார் வருவதற்குள் தொண்டை தானாகவே திறந்துகொண்டது. குரல் மட்டும் கரகரத்தது, வாயில் புளிப்பு இருந்தது. மருத்துவமனையில் ஈசிஜி எடுத்தார்கள். அதில் கோளாறு எதுவும் இல்லை.

இரண்டு வாரம் கழித்து மறுபடியும் அதேபோல் வந்தது. அதன் பிறகுதான் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போனார். இதன் பெயர் லாரிங்கோஸ்பாசம், அதாவது குரல்வளை இறுக்கம் என்றும், இவருக்கு இதைக் கிளப்பிவிடுவது வயிற்றிலிருந்து எதுக்களிக்கும் அமிலம் என்றும் அங்கேதான் தெரிந்தது.

தொண்டை ஏன் மூடிக்கொள்கிறது?

நமக்குப் புரையேறும்போது என்ன நடக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். உணவோ தண்ணீரோ மூச்சுக்குழாய்ப் பக்கம் போனால், குரல்வளையில் உள்ள இரண்டு குரல்நாண்களும் சட்டென்று ஒட்டிக்கொண்டு வழியை அடைத்துவிடும். நுரையீரலுக்குள் எதுவும் போகாமல் காப்பதற்காக உடலில் இயல்பாகவே அமைந்த காவல் இது.

வயிற்றுக்கும் உணவுக்குழாய்க்கும் இடையே வால்வு போன்ற ஒரு தசை இருக்கிறது. வயிறு முட்ட உண்டுவிட்டு உடனே படுத்தால், அந்தத் தசை தளரும்போது அமிலம் மேலேறி வரும். அதில் சில துளிகள் குரல்வளையைத் தொட்டாலும் போதும், காவல் விழித்துக்கொண்டு கதவைச் சாத்திவிடும். அமிலம் அடிக்கடி பட்டுப் புண்ணான தொண்டையில் இது இன்னும் எளிதாக நடக்கும். பகலில் நெஞ்செரிச்சலே இல்லாதவர்களுக்கும் இப்படி வரலாம். அதனால்தான் பலர் இதை வயிற்றோடு சேர்த்து நினைப்பதே இல்லை.

மூடிய கதவு மிகப் பெரும்பாலும் ஒன்றிரண்டு நிமிடத்துக்குள் தானாகவே திறந்துவிடும். ஆனால் அந்த நேரம் அனுபவிப்பவருக்குப் பத்து நிமிடம்போல் தோன்றும்.

அந்த நேரத்தில் செய்ய வேண்டியது

காற்று வரவில்லை என்றதும் வாயைத் திறந்து முழுப் பலத்தோடு இழுக்கத்தான் மனம் சொல்லும். அதுதான் நிலைமையை மோசமாக்குகிறது. குறுகிய இடைவெளி வழியே காற்று வேகமாகப் பாயும்போது, குரல்நாண்கள் மேலும் ஒன்றையொன்று நோக்கி இழுக்கப்படுகின்றன. பயம் கூடக்கூட இழுப்பும் கூடும், இறுக்கமும் கூடும்.

அந்தச் சகோதரருக்கு மருத்துவர் சொல்லிக்கொடுத்த முறை இதுதான்.

முதலில் எழுந்து உட்கார்ந்து, சற்று முன்னால் சாய்ந்துகொள்ள வேண்டும். மூச்சை இழுக்கும் முயற்சியை ஓரிரு நொடி நிறுத்த வேண்டும். சாதாரணமாக நம்மால் அரை நிமிடம் மூச்சைப் பிடித்திருக்க முடியும். ஆகவே இந்த ஓரிரு நொடியில் எதுவும் ஆகிவிடாது.

அடுத்து வாயை மூடிக்கொண்டு, அத்தரை முகர்வதுபோல் மூக்கால் மிக மெதுவாகக் காற்றை இழுக்க வேண்டும். மூக்கால் முகரும்போது குரல்நாண்கள் விலகித் திறப்பது உடலின் இயல்பு. முதலில் கொஞ்சம்தான் உள்ளே போகும், அது போதும். பிறகு உதட்டைக் குவித்து, சூடான டீயை ஆற்றுவதுபோல் மெதுவாக வெளியே விட வேண்டும். நான்கைந்து முறை இப்படிச் செய்வதற்குள் இறுக்கம் தளரத் தொடங்கும்.

இதைப் பகலில் தினமும் சில நிமிடம் பழகி வைத்திருக்க வேண்டும். நள்ளிரவுப் பதற்றத்தில் புதிதாக ஒன்றை நினைவுகூர முடியாது.

வீட்டில் இருப்பவர்களுக்கும் இதில் பங்குண்டு. தொண்டை மூடியிருக்கும்போது தண்ணீர் புகட்டக் கூடாது, அது மூச்சுக்குழாய்க்குள் போகலாம். முதுகில் தட்டுவதாலும் பயன் இல்லை. கேள்வி கேட்டுப் பேச வைக்காதீர்கள். மூன்றாவது முறை வந்தபோது அந்தச் சகோதரரின் மனைவி அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "பயப்படாதீங்க, வாயை மூடுங்க, மூக்கால மெதுவா..." என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு நிமிடத்துக்குள் சரியாகிவிட்டது, அல்ஹம்துலில்லாஹ். தொண்டை திறந்த பிறகு தண்ணீரைச் சிறு மிடறாகக் குடிக்கலாம்.

மீண்டும் வராமலிருக்க

இரவு உணவுக்கும் படுக்கைக்கும் இடையே மூன்று மணி நேரம் இருக்க வேண்டும் என்பதுதான் இதில் முக்கியமானது. அந்தச் சகோதரர் கடையடைத்து வந்து பத்து மணிக்குச் சாப்பிடுபவர். இப்போது மக்ரிபுக்குப் பின் கடையிலேயே சாப்பிட்டுவிடுகிறார். கட்டிலின் தலைப்பக்கக் கால்களுக்குக் கீழே செங்கல் வைத்து ஆறு அங்குலம் உயர்த்தியிருக்கிறார். தலையணையை அடுக்கினால் கழுத்து மட்டும்தான் மடங்கும், வயிறு இன்னும் அழுந்தும். இடப்பக்கம் சாய்ந்து படுப்பதும் எதுக்களிப்பைக் குறைக்கும். புகைப்பழக்கம் இருந்தால் விட வேண்டும், எடை கூடியிருந்தால் குறைக்க வேண்டும். அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையை மருத்துவர் எழுதித் தந்தால், பெரும்பாலும் உணவுக்கு அரை மணி நேரம் முன்பு போட வேண்டியிருக்கும். நாமாகவே கடையில் வாங்கி மாதக்கணக்கில் விழுங்குவது சரியல்ல.

ரமளானில் இந்தத் தொல்லை கூடலாம். தராவீஹ் முடிந்து வந்து வயிறு நிறையச் சாப்பிட்டு உடனே படுப்பதும், ஸஹர் உண்டு ஃபஜ்ரு தொழுததும் உறங்கிவிடுவதும்தான் காரணம். பெரிய உணவை மக்ரிபை ஒட்டியே முடித்துக்கொண்டு, தராவீஹுக்குப் பின் லேசாக எடுத்துக்கொள்ளலாம். ஸஹரில் பொரித்ததைத் தவிர்த்து, அளவாக உண்டு, ஃபஜ்ருக்குப் பின் இயன்றவரை உட்கார்ந்திருக்கலாம். தூங்கியே ஆக வேண்டும் என்றால் மட்டமாகப் படுக்காமல், மேலுடலை நன்றாக உயர்த்திச் சாய்ந்துகொள்ளலாம். மாத்திரை நேரத்தை ரமளானுக்கு முன்பே மருத்துவரிடம் கேட்டு மாற்றிக்கொள்ள வேண்டும்.

எல்லா மூச்சுத்திணறலும் இதுவல்ல

இதில்தான் நாம் கவனமாக இருக்க வேண்டும். குரல்வளை இறுக்கத்தில் ஒலி மூச்சை உள்ளே இழுக்கும்போது வரும். மூச்சை வெளியே விடும்போது விசில் ஒலி வந்து, மணிக்கணக்கில் நீடித்தால் ஆஸ்துமாவாக இருக்கலாம். மட்டமாகப் படுத்தாலே திணறல் வருகிறது, காலும் வீங்கியிருக்கிறது என்றால் இதயத்தைச் சோதிக்க வேண்டும். பலத்த குறட்டை விட்டு, மூச்சு நின்று நின்று விழித்து, பகலெல்லாம் தூங்கி வழிபவருக்கு உறக்க மூச்சுத்தடை இருக்கலாம். ஆகவே முதல்முறை வந்தவர் யாராக இருந்தாலும் மருத்துவரைப் பார்த்துக் காரணத்தை உறுதி செய்துகொள்ள வேண்டும்.

திணறல் சில நிமிடத்தில் அடங்காவிட்டாலும், நெஞ்சுவலி, உதடு நீலமாதல், மயக்கம், உதடோ நாக்கோ வீங்குதல், உடலில் தடிப்பு ஆகியவற்றில் ஏதாவது ஒன்று சேர்ந்தாலும் மூச்சுப் பயிற்சி செய்துகொண்டு காத்திருக்கக் கூடாது. தமிழகத்தில் 108, இலங்கையில் 1990 எண்ணுக்கு உடனே அழைக்க வேண்டும்.

அந்தச் சகோதரர் உணவு நேரத்தை மாற்றி நான்கு மாதம் ஆகிறது. அதன் பிறகு ஒரே ஒருமுறைதான் வந்தது. அன்றும் ஒரு திருமண விருந்தில் தாமதமாகச் சாப்பிட்டிருந்தார். இப்போதெல்லாம் விருந்து வீட்டில் முதல் பந்தியிலேயே அவரைப் பார்க்க முடிகிறது.