கொழுந்து மஞ்சள், நரம்பு பச்சை

"மேடம், கறிவேப்பிலை எல்லாம் மஞ்சளா போவுது. யூரியா வச்சேன், புளிச்ச மோர் ஊத்தினேன், வேர்ல அன்னபேதி கூடப் போட்டேன். ஒண்ணும் கேக்கல. இன்னா போடலாம், சொல்லுங்க."

ஆம்பூரை அடுத்த மாதனூர் பக்கத்திலிருந்து ஒரு விவசாயி வந்து இப்படிக் கேட்டால், விவரம் தெரிந்த உதவித் தோட்டக்கலை அலுவலர் உடனே உர மூட்டையின் பெயரைச் சொல்லிவிட மாட்டார். திருப்பி நாலு கேள்வி கேட்பார். இந்தக் கட்டுரையில் வரும் பேச்சும் கிணற்றுக் கணக்கும் விளக்கத்துக்காக நான் அமைத்தவை. ஆனால் இந்தக் கேள்வி பாலாற்றங்கரைக்குப் புதிதல்ல.

"எந்த இலை ஐயா முதல்ல மஞ்சளாச்சு? அடியில இருக்கிற முத்தின இலையா, நுனிக் கொழுந்தா?"

"கொழுந்துதான் மேடம். அடி இலை பச்சையாத்தான் இருக்குது. ஓரம் மட்டும் கருகின மாதிரி."

"கொழுந்துல நரம்பு என்ன நிறம்?"

"நரம்பு பச்சை. நடுவுல மட்டும் வெளுத்துப் போச்சு."

பாதி நோயறிதல் இதிலேயே முடிந்துவிட்டது. செடிக்குள் சில சத்துகள் இடம் மாறும், சில மாறாது. தழைச்சத்து போதாதபோது செடி அதை முத்தின இலையிலிருந்து உருவி, வளரும் கொழுந்துக்கு அனுப்பிவிடும். அதனால் தழைச்சத்துக் குறை அடி இலையில் முழு மஞ்சளாகத் தெரியும். மக்னீசியமும் அப்படியே நகரக்கூடியது. அதன் குறையும் அடி இலையில்தான், ஆனால் நரம்புக்கு நடுவே. இரும்பு வேறு ரகம். ஓர் இலையில் குடியேறிய இரும்பு அதைவிட்டு எளிதில் கிளம்பாது. வேரிலிருந்து புது வரத்து நின்றால் முதலில் பட்டினி கிடப்பது கொழுந்துதான். கொழுந்து மஞ்சள், நரம்பு பச்சை என்றால் இரும்பைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். அங்கே யூரியா வைப்பதில் பயனில்லை.

மார்கழி, தை மாதங்களில் அடி இலை நாலு பழுத்து உதிர்வதை இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. குளிரில் கறிவேப்பிலை வளர்ச்சியை நிறுத்திக்கொள்ளும். மாசி, பங்குனியில் தானே துளிர்க்கும்.

"இரும்புக் குறைதான்னா நான் அன்னபேதி போட்டேனே மேடம், ஏன் கேக்கல?"

நல்ல கேள்வி. மண்ணில் இரும்புக்குப் பஞ்சமே கிடையாது. வேலூர்ப் பக்கத்துச் செம்மண்ணின் சிவப்பே இரும்புத் துருவால் வந்தது. ஆனால் துரு கரையாது, கரையாததை வேர் உறிஞ்சாது. அதனால் கறிவேப்பிலையின் வேர் சிறிதளவு அமிலத்தைக் கசியவிட்டு, தன்னைச் சுற்றியுள்ள இரும்பைக் கரைத்து, வேதி வடிவத்தை மாற்றி உள்ளே இழுத்துக்கொள்கிறது. மண்ணின் கார அமில நிலை ஓர் எண் ஏறினால் இரும்பின் கரைதிறன் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்காகச் சரிந்துவிடும். பாசன நீரில் பைகார்பனேட் உப்பு மிகுந்திருந்தால் வேர் கசியவிடும் அமிலத்தையும் அது உடனுக்குடன் முறித்துவிடும். அன்னபேதி என்பது கரையக்கூடிய இரும்பு சல்பேட்தான். ஆனால் கார மண்ணில் அதைக் கொட்டினால் சில நாட்களிலேயே அதுவும் துருவாகிவிடுகிறது. வேரடியில் துருப்பிடித்த ஆணி புதைப்பவர்களுக்கும் இதே பதில்தான்.

மோர் விஷயத்தில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. அதிலுள்ள லாக்டிக் அமிலம், தொட்டியில் இருக்கும் நாலு கிலோ மண்ணில் வேரைச் சுற்றிக் காரத்தைக் கொஞ்ச நேரம் தணிக்கும். வயல் மண்ணின் காரத்துக்கு ஒரு சொம்பு மோர் எம்மாத்திரம்? உப்புப் போட்ட மோராக இருந்தால் அது செடிக்குச் செய்யும் கெடுதலே அதிகம்.

அலுவலர் அடுத்துக் கேட்டது மண்ணைப் பற்றி அல்ல, தண்ணீரைப் பற்றி.

"எந்தத் தண்ணி பாய்ச்சறீங்க?"

"கிணத்துத் தண்ணிதான். கொஞ்சம் உப்புக் கரிக்கும். சொட்டுநீர் விழற எடத்தைச் சுத்தி வெள்ளையாப் பூத்திருக்கு. மழை பெஞ்சா தண்ணி உள்ள எறங்காம நிக்குது. காஞ்சா மண்ணு கல்லாட்டம் ஆயிடுது."

இலை ஓரம் கருகியதற்கும் வெள்ளைப் பூச்சுக்கும் காரணம் உப்பு. தண்ணீர் இறங்காமல் நிற்பதற்கும் காய்ந்தால் இறுகுவதற்கும் காரணம் அந்த உப்பிலுள்ள சோடியம். முன்னது உவர், பின்னது களர். கறிவேப்பிலை, எலுமிச்சையும் நாரத்தையும் சேர்ந்த குடும்பம். உப்பைத் தாங்குவதில் அந்தக் குடும்பமே பலவீனம்.

கணக்கைப் பார்ப்போம். இந்தக் கிணற்று நீரின் மின்கடத்து திறன் மீட்டருக்கு 3.2 டெசிசீமன் என்று ஆய்வு அறிக்கை வந்ததாக வைத்துக்கொள்வோம். 3-ஐத் தாண்டிய நீரைக் கடும் கட்டுப்பாட்டோடுதான் பாய்ச்ச வேண்டும் என்கிறது உலக உணவு வேளாண் அமைப்பின் வழிகாட்டி. 3.2 என்றால் லிட்டருக்குச் சுமார் 2 கிராம் உப்பு. ஒரு செடிக்கு நாலு நாளைக்கு ஒருமுறை 20 லிட்டர் விட்டால், ஒவ்வொரு முறையும் 40 கிராம் உப்பு இறங்குகிறது. மழைக்காலம் மூன்று மாதத்தைக் கழித்தாலும் ஆண்டுக்கு 67 முறை. மொத்தம் 2 கிலோ 700 கிராம். தண்ணீர் ஆவியாகிவிடும், உப்பு அங்கேயே கிடக்கும். மழை அதைக் கீழே இறக்க வேண்டும். களராகி இறுகிய மண் அந்த மழையையும் உள்ளே விடுவதில்லை.

இவ்வளவு உப்பு எங்கிருந்து வந்தது? பாறைக்குள் ஊறும் நீரில் இயல்பாகவே கொஞ்சம் உப்பு உண்டு. எல்லாப் பழியையும் தோல் ஆலைமேல் போடுவது சரியல்ல. ஆனால் வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை வட்டாரத்தில் ஆலையின் பங்கு மிகப் பெரிது. பச்சைத் தோல் அழுகாமலிருக்க அதில் உப்பை அள்ளித் தடவித்தான் கொண்டுவருகிறார்கள். ஆலையில் முதல் வேலையே அதை ஊறவைத்து உப்பை வெளியேற்றுவது. பிறகு பதப்படுத்தும்போது மறுபடி உப்பும் அமிலமும் சேர்கின்றன. பொதுச் சுத்திகரிப்பு நிலையம் அழுகும் கழிவை நீக்கும், குரோமியத்தைப் பெருமளவு படியவைக்கும். கரைந்த உப்பு மட்டும் அப்படியே கடந்து போகும். அதைப் பிரிக்க எதிர்ச் சவ்வூடு பரவல் முறையும், மிஞ்சும் உவர்நீரை வற்றவைக்கும் கொப்பரைகளும் வேண்டும். இந்தத் தோல் ஆலை மாசு தொடர்பான வழக்கில்தான் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 அன்று, மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கையை இந்தியச் சட்டத்தின் பகுதி என்று அறிவித்தது. பாதிக்கப்பட்டோருக்கு இழப்பீடு கொடுத்து அதை ஆலைகளிடம் வசூலிக்கும்படி 2025 ஜனவரி 30 அன்றும் அதே நீதிமன்றம் ஆணையிட வேண்டியிருந்தது. கிணறு எவ்வளவு மெதுவாகத் தெளிகிறது என்பதற்கு இந்த இரண்டு தேதிகளே போதும்.

"சரி மேடம், இப்ப நான் இன்னா செய்யணும்?"

"முதல்ல ஒரே ஒரு கிளையில சோதனை பண்ணுங்க. அன்னபேதி 5 கிராம், ஒரு லிட்டர் நல்ல தண்ணியில கரைச்சு, ஒரு கிராம் சிட்ரிக் அமிலம் சேருங்க. சாயங்காலமா அந்தக் கிளைக்கு மட்டும் தெளிங்க. பத்து நாள்ல துளி பட்ட எடம் பச்சையானா இரும்புக் குறைதான். ஆகலைன்னா வேற காரணம் தேடணும்."

நல்ல தண்ணீர் என்று அவர் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. கிணற்று நீரில் கரைத்தால் கரைசல் சிறிது நேரத்தில் பழுப்பாகிவிடும். பழுப்பாகிவிட்டால் அதில் செடிக்கு ஆகும் இரும்பு இல்லை, அதைக் கீழே ஊற்றிவிடலாம். அந்த நீரின் உப்பே இலையைக் கருக்கவும் செய்யும். பிடித்துவைத்த மழைநீர் சிறந்தது. பலன் தெரிந்தால் முழுத் தோட்டத்துக்கும் பத்துப் பதினைந்து நாள் இடைவெளியில் இரண்டு மூன்று முறை தெளிக்கலாம். ஆனால் இது முதலுதவி மட்டுமே. அடுத்து வரும் கொழுந்து பிறக்கும்போதே மஞ்சளாகத்தான் பிறக்கும்.

நிலத்தைத் திருத்த மண் அறிக்கை வேண்டும். கார அமில நிலை 8.5-க்கு மேல், பரிமாற்றச் சோடியம் 15 சதவீதத்துக்கு மேல் என்று வந்தால் அது களர். ஜிப்சம் பலன் தரும். ஜிப்சத்தின் கால்சியம், களித்துகளைப் பற்றியிருக்கும் சோடியத்தைத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் உட்காரும். விடுபட்ட சோடியத்தை நல்ல நீர் கரைத்துக் கீழே கொண்டுபோக வேண்டும், அதற்கு வடிகாலும் வேண்டும். அதனால் ஜிப்சத்தை மழைக்கு முன்பு இட வேண்டும், அளவை ஆய்வகம் சொல்லும். வெறும் உவராக இருந்தால் ஜிப்சத்துக்கு வேலையே இல்லை. நீரால் கழுவுவது மட்டுமே வழி. ஏறத்தாழ ஓர் அடி ஆழ நீர் முழுதாக இறங்கினால் மேல் ஓர் அடி மண்ணின் கரையும் உப்பில் பெரும்பகுதி கீழே போய்விடும். இரண்டு நிலையிலும் வரிசைக்கு நடுவே தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுவது மண்ணைத் திறந்துவிடும்.

"இந்த இலையைச் சாப்பிடலாமா மேடம்? குரோமியம்னு பயமுறுத்தறாங்க."

மஞ்சள் நிறம் குரோமியத்தைப் பற்றி எதுவும் சொல்லாது. தோல் பதனிடப் பயன்படுவது மூவிணைதிற குரோமியம். அது மண்ணோடு ஒட்டிக்கொள்ளும். செடிக்குள் போனாலும் பெரும்பாலும் வேரிலேயே தங்கிவிடும். ஆபத்தானது நீரில் கரைந்து ஓடும் ஆறிணைதிற குரோமியம். ராணிப்பேட்டையில் மூடப்பட்ட குரோமேட் ஆலை விட்டுச்சென்ற ஒன்றரை லட்சம் டன்னுக்கு மேற்பட்ட கழிவுக் குவியலின் பிரச்சினை அதுதான். அத்தகைய கிடங்குக்கோ கழிவுநீர் ஓடைக்கோ அருகில் நிலம் இருந்தால் இலையையும் நீரையும் உலோக ஆய்வுக்கு அனுப்பாமல் விற்கக் கூடாது. பச்சையாகத் தழைத்திருக்கும் இலைக்கும் இது பொருந்தும்.

"ஜிப்சம் போட்டும் கிணத்துத் தண்ணியையே பாய்ச்சினா?"

"திரும்ப அதே கதைதான் ஐயா. மழைத் தண்ணிக்குப் பண்ணைக்குட்டை வெட்டிக் கிணத்துத் தண்ணியோட கலந்து விட முடியும்னா கறிவேப்பிலையை வைங்க. இல்லைன்னா அந்தக் கிணத்துக்கு இந்தப் பயிர் ஒத்துவராது. உப்பு தாங்கற தென்னைக்கு மாறுங்க."

அடுத்த உர மூட்டை வாங்குவதற்கு முன், மோட்டாரைக் கால் மணி நேரம் ஓடவிட்டு, சுத்தமான பிளாஸ்டிக் பாட்டிலை அதே நீரில் அலசி ஒரு லிட்டர் பிடியுங்கள். செடியடி மண்ணில் ஓர் அடி ஆழம் வரை பல இடங்களில் எடுத்துக் கலந்து அரைக் கிலோ சேர்த்து, இரண்டையும் மண் பரிசோதனை நிலையத்துக்குக் கொண்டுபோங்கள். விரிஞ்சிபுரத்தில் இருக்கும் வேளாண் அறிவியல் நிலையத்திலும் வழி கேட்கலாம்.