முட்டியில் தட்டுவது ஏன்?

நள்ளிரவு கடந்து இரண்டு மணி. பிரசவப் பிரிவில் அப்பொழுதுதான் கண்ணயர்ந்த மகளின் போர்வையைச் செவிலியர் விலக்கி, முட்டிக்குக் கீழே சிறு சுத்தியலால் தட்டுகிறார். "இப்பத்தான் தூங்கினா சிஸ்டர், காலைல பார்க்கக் கூடாதா?" என்று தாயார் கேட்கிறார். புதுச்சேரியின் மகப்பேறு வார்டுகளில் அடிக்கடி எழும் கேள்வி இது. காலைவரை ஏன் காத்திருக்க இயலாது என்பதை விளக்கவே இக்கட்டுரை.

பிரி-எக்லாம்ப்சியா என்பது கருவுற்ற 20 வாரங்களுக்குப் பின் தோன்றும் உயர் இரத்த அழுத்த நோய். அழுத்தம் 140/90 அல்லது அதற்கு மேல் இருப்பதுடன், சிறுநீரில் புரதம் வெளியேறும். அல்லது கல்லீரல், சிறுநீரகம், மூளை, இரத்தம் ஆகியவற்றில் பாதிப்பு தென்படும். கால் வீக்கத்தை மட்டும் வைத்து இதனை முடிவு செய்ய இயலாது. நலமான கர்ப்பிணிகளுக்கும் கால் வீங்குவதுண்டு. விடாத தலைவலி, கண் முன் மின்னுதல் அல்லது பார்வை மங்கல், மேல் வயிற்றில் வலி, முகமும் கைகளும் திடீரென வீங்குதல் ஆகியவையே அஞ்சத்தக்கவை. மேல் வயிற்று வலியை வாயுத் தொல்லை என்றெண்ணிக் கஷாயம் கொடுத்துக் காத்திருப்பது பெரும் பிழை. நோய் முற்றினால் வலிப்பு வரும். முன்பு பிரசவ ஜன்னி என்று சொல்லப்பட்டவற்றுள் இதுவும் ஒன்று.

வலிப்பைத் தடுக்கும் மருந்து மக்னீசியம் சல்பேட். பழைய தலைமுறையினர் பேதி உப்பு என்று அறிந்திருந்த அதே பொருள்தான்; இங்கு ஊசி வழியே செலுத்தப்படுகிறது. 2002-இல் வெளியான மேக்பை ஆய்வில் 33 நாடுகளைச் சேர்ந்த பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் பங்கேற்றனர். இம்மருந்து பெற்றவர்களிடம் வலிப்பு பாதிக்கும் மேல் குறைந்தது. இரத்த அழுத்தத்தைக் குறைப்பது இதன் வேலையன்று. அதற்கு வேறு மருந்து தரப்படும்.

இம்மருந்தின் பயன்தரும் அளவுக்கும் தீங்கு தரும் அளவுக்கும் இடைவெளி அதிகமில்லை. மிகுந்தால் நரம்பிலிருந்து தசைக்குச் செல்லும் கட்டளை தளரும். அத்தளர்ச்சி ஒரு வரிசையில் வருவது நமக்கு வாய்த்த நல்வாய்ப்பு. முதலில் முட்டியின் துள்ளல் மறையும். மேலும் ஏறினால்தான் மூச்சுத் தசைகள் தளரும். ஆகவே, கால் துள்ளும்வரை மூச்சுக்கு ஆபத்து அணுகவில்லை என்று பொருள். முதுகில் மயக்க ஊசி போட்டிருந்தால் கால் துள்ளாது. அப்போது முழங்கையில் தட்டிப் பார்ப்பார்கள்.

சிறுநீர் சொல்வது வேறு செய்தி. மக்னீசியம் உடலைவிட்டு வெளியேறும் வழி சிறுநீரகம் ஒன்றே. அந்தச் சிறுநீரகத்தையும் இந்நோய் தாக்கும் என்பதே சிக்கல். நீர் குறைந்தால், வழக்கமான அளவில் தந்த மருந்தும் உள்ளே தேங்கும்.

ஒரு நிலைமையைக் கற்பனை செய்து பார்ப்போம். 34 வாரக் கர்ப்பிணி, அழுத்தம் 166/112, கடும் தலைவலி. சிரை வழியாக 4 கிராம் மெதுவாகவும், இரு புட்டங்களிலும் ஐந்தைந்து கிராமும் தரப்படுகிறது. பின்னர் நான்கு மணிக்கு ஒருமுறை 5 கிராம். ஒவ்வொரு முறையும் ஊசிக்கு முன் மூன்றும் சரியாக இருக்க வேண்டும்: முட்டி துள்ள வேண்டும்; மூச்சு நிமிடத்துக்கு 16-க்குக் குறையக்கூடாது; சிறுநீர் மணிக்கு 30 மில்லி வீதம், நான்கு மணியில் 120 மில்லியாவது வந்திருக்க வேண்டும். இரண்டாவது முறை பார்க்கையில் மூச்சு 18, துள்ளல் மங்கல், சிறுநீர் 70 மில்லி மட்டுமே. ஊசி நிறுத்தி வைக்கப்படுகிறது. குழாய் மடங்கியுள்ளதா என்று பார்த்து, சிறுநீரகத்துக்கான இரத்தப் பரிசோதனைக்கும் அனுப்புகிறார்கள். இரண்டு மணி நேரத்தில் 90 மில்லி வந்து, முட்டியும் நன்கு துள்ளிய பின்னரே அடுத்த ஊசி. மூச்சு குறைந்திருந்தால் மாற்று மருந்தான கால்சியம் குளுக்கோனேட் ஒரு கிராம் சிரை வழியே மெதுவாகத் தரப்பட்டிருக்கும். அது படுக்கையருகிலேயே தயாராக இருக்கும்.

உடனிருப்போர் சிறுநீர்ப் பையைத் தாமே காலி செய்ய வேண்டாம். துணிகளைச் சீராக்கும்போது குழாயின் மீது அழுத்தம் விழாமலும் பார்த்துக்கொள்ளுங்கள். ஊசியின்போது உடல் சூடாவதும் முகம் சிவப்பதும் இயல்பே. பேச்சுக் குழறுதல், இரட்டையாகத் தெரிதல், எழுப்பினாலும் எழாத உறக்கம் ஆகியவற்றை உடனே தெரிவியுங்கள். விழுப்புரம், கடலூர்ப் பகுதிகளிலிருந்து அனுப்பப்பட்டு வருவோர், அங்கே முதல் ஊசி போடப்பட்டிருந்தால் அதன் அளவும் நேரமும் எழுதிய சீட்டைக் கட்டாயம் காட்டுங்கள்; இல்லையேல் அதே மருந்து மீண்டும் செலுத்தப்படக்கூடும்.

குழந்தை பிறந்துவிட்டது என்பதால் இந்தத் தட்டல் நிற்பதில்லை. பிரசவத்துக்குப் பின்னரோ, கடைசி வலிப்புக்குப் பின்னரோ, எது பிந்தியதோ அதிலிருந்து 24 மணி நேரம் மருந்து தொடரும். வீடு திரும்பிய பின்னும் முதல் ஆறு வாரங்களுக்குள் தலைவலியோ பார்வைக் குறையோ வந்தால், குழந்தையைத் தூக்கிக்கொண்டு எந்நேரமாயினும் வாருங்கள்.