வளையங்கள் கீழே ஏன் நெருங்குகின்றன?

நியூயார்க் நகரத்துப் பழைய அடுக்குமாடிக் கட்டடங்களை உயரத்திலிருந்து பார்த்தால், மொட்டைமாடிகளில் கூம்பு மூடி போட்ட மரத்தொட்டிகள் நிற்பது தெரியும். தெருக்குழாயின் அழுத்தத்தில் தண்ணீர் ஏறக்குறைய ஆறு மாடிதான் ஏறும். அதற்கு மேலே இருப்பவர்களுக்கு மோட்டார் வைத்துத் தொட்டிக்கு ஏற்றி, அங்கிருந்து இறக்கித்தான் கொடுக்க வேண்டும். இந்தத் தொட்டிகளில் பசை கிடையாது. செங்குத்தான பலகைகளை வட்டமாக நிறுத்தி, வெளியே இரும்புக் கம்பி வளையங்களைப் போட்டு, திருகி முறுக்கிவிடுகிறார்கள். அவ்வளவுதான் கட்டுமானம்.

அந்த வளையங்களைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். மேலே ஒன்றுக்கொன்று தாராளமாகத் தள்ளியிருக்கும். கீழே வரவர இடைவெளி குறைந்து, அடியில் சாண் அகலத்துக்கும் குறைவாகிவிடும். அழகுக்காகச் செய்ததில்லை. தண்ணீர் சுவரை எங்கே எவ்வளவு தள்ளுகிறது என்பதன் வரைபடமே அதுதான்.

செங்கல்லை அடுக்கி வைத்தால் அதன் பாரம் கீழ்நோக்கி மட்டுமே இறங்கும். பக்கத்தில் இருப்பவரை அது தொந்தரவு செய்யாது. தண்ணீருக்குத் தன் வடிவத்தைத் தானே பிடித்து வைத்துக்கொள்ளும் திராணி இல்லை. மேலிருந்து அழுத்தினால் பக்கவாட்டில் நழுவப் பார்க்கும். நழுவ விடாமல் தடுப்பது சுவர். அதனால் ஓர் ஆழத்தில் கீழ்நோக்கி எவ்வளவு அழுத்தம் உண்டோ, அதே அளவு சுவரின் மீதும் விழுகிறது. ஒரு மீட்டர் ஆழத்தில் சதுர மீட்டருக்கு 1,000 கிலோ எடைக்குச் சமமான தள்ளல். இரண்டு மீட்டரில் 2,000. மேற்பரப்பில் சுழியம்.

இதில் பலரும் நம்ப மறுக்கும் ஒரு சங்கதி உண்டு. தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்பது சுவருக்குப் பொருட்டே இல்லை. எவ்வளவு ஆழம் என்பதுதான் கணக்கு. இரண்டு சுவர்களுக்கு நடுவே 10 செ.மீ. சந்து, அதில் 3.6 மீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். சுவரின் ஒரு மீட்டர் நீளத்துக்குப் பின்னால் இருப்பது வெறும் 360 கிலோ தண்ணீர். ஆனால் அந்த நீளத்தின் மீது விழும் மொத்தத் தள்ளல் 6,480 கிலோ. சந்துக்குப் பதில் ஒரு ஏரியே அங்கே இருந்தாலும் அதே 6,480தான். மேலே சுழியம், அடியில் 3,600; சராசரி 1,800; அதை உயரம் 3.6-ஆல் பெருக்கினால் இந்த எண் வந்துவிடும். உயரம் இரண்டு முறை பெருக்கலில் வருவதால், ஆழத்தை இரட்டிப்பாக்கினால் தள்ளல் நான்கு மடங்காகும்.

வட்டத் தொட்டிக்கு வந்தால் மட்டும் அகலமும் உள்ளே நுழைகிறது. தொட்டியை நெடுக்காக இரண்டாகப் பிளந்ததாக நினைத்துக்கொள்ளுங்கள். இரு பாதிகளையும் தண்ணீர் எதிரெதிரே தள்ளிப் பிரிக்கப் பார்க்கிறது. அந்தத் தள்ளல், அழுத்தத்தை விட்டத்தால் பெருக்கிய அளவு. பிரியாமல் இழுத்துப் பிடிப்பது வளையம். அது இரண்டு இடங்களில் பிளவைக் கடக்கிறது. ஆகவே ஒவ்வொரு பக்கமும் சுமப்பது பாதி, அதாவது அழுத்தம் பெருக்கல் ஆரம். ஒரே ஆழம் கொண்ட இரு தொட்டிகளில் அகலமானதன் வளையம் அதிகம் திணறுவது இதனால்தான்.

ஒரு தொட்டிக்குக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். உயரம் 3.6 மீட்டர், விட்டமும் அதேதான். சுமார் 36,000 லிட்டர் பிடிக்கும். ஒரு வளையம் பத்திரமாக 900 கிலோ இழுவையைத் தாங்கும் என்று வைத்துக்கொள்வோம். மேலிருந்து ஒரு மீட்டர் ஆழத்தில், சுவரின் ஒவ்வொரு மீட்டர் உயரத்துக்கும் 1,800 கிலோ இழுவை. அரை மீட்டருக்கு ஒரு வளையம் போதும். அடியில் அதுவே 6,480 கிலோ, 14 செ.மீ.க்கு ஒன்று தேவை. மொத்தத்தையும் கூட்டினால் 13 வளையம் வருகிறது. அவற்றில் மேல் பாதிக்கு மூன்று, கீழ் பாதிக்குப் பத்து.

நடைமுறையில் இதோடு முடியாது. மரம் நனைந்தால் உப்பும். பலகைகள் ஒன்றையொன்று நெருக்கி இடுக்கை அடைத்துக்கொள்வது அந்த உப்பலால்தான். புதுத் தொட்டி முதலில் ஒழுகிவிட்டுப் பிறகு தானே நின்றுபோவதும் அதனால்தான். ஆனால் அதே உப்பல் வளையத்தை இன்னும் இழுக்கும். அதற்கும் ஒரு பங்கு ஒதுக்கித்தான் கம்பியின் கனத்தை முடிவு செய்ய வேண்டும். தொட்டியை வெகுநாள் காலியாக விட்டால் மரம் சுருங்கி வளையங்கள் தளர்ந்துவிடும்.

மரத்தொட்டியில் வளையத்தை எண்ணியே பிழையைக் கண்டுபிடித்துவிடலாம். இரும்புத் தகட்டுத் தொட்டியில் அந்த வசதி இல்லை. அங்கே வளையத்தின் வேலையைத் தகடே செய்கிறது. அடியில் தடித்த தகடு, மேலே போகப்போக மெலிந்த தகடு. வெளியிலிருந்து பார்க்க எல்லாம் ஒன்றுபோல இருக்கும்.

அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் 1915-இல் அப்படி ஒரு தொட்டி எழும்பியது. சர்க்கரைப்பாகுக் கழிவான மொலாசஸைச் சேமிப்பதற்காக, சுமார் 15 மீட்டர் உயரம், 27 மீட்டர் விட்டத்தில் கட்டினார்கள். மொலாசஸ் தண்ணீரைவிட 1.4 மடங்கு கனமானது. நிரம்பி நின்றால் அடியில் சதுர மீட்டருக்கு 21 டன் அழுத்தம். அதை ஆரத்தால் பெருக்கினால் ஒரு மீட்டர் உயரச் சுவருக்கு 280 டன்னுக்கு மேல் இழுவை. அதைத் தாங்க அடித்தகட்டின் தடிமன் சுமார் 17 மி.மீ.தான். அதிலும் ரிவெட் அடிக்கத் துளைத்த ஓட்டைகள் வேறு.

சரக்குக் கப்பல் வரவிருந்த அவசரத்தில் அதைச் சோதித்த விதம்தான் கொடுமை. 15 செ.மீ. தண்ணீர் விட்டுப் பார்த்தார்கள். அடியில் கசியவில்லை, சரி என்றார்கள். தரைத்தகட்டின் இணைப்பில் ஓட்டை இருக்கிறதா என்று அறிய அது உதவியிருக்கலாம். சுவரைப் பற்றி அது ஒன்றுமே சொல்லாது. ஆழம் நூற்றில் ஒரு பங்கு. ஆகவே சுவரின் மீதான மொத்தத் தள்ளல் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. மொலாசஸின் கனத்தையும் சேர்த்தால் 14,000-இல் ஒன்று.

தொட்டி சும்மா இருக்கவில்லை, அறிவித்துக்கொண்டே இருந்தது. இணைப்புகளில் பாகு வழிந்தது; அக்கம்பக்கத்துக் குழந்தைகள் அதைப் பாத்திரத்தில் பிடித்துப் போனார்கள். நிர்வாகமோ கசிவு தெரியாதபடி தொட்டிக்குப் பழுப்பு வண்ணம் அடித்தது. 1919 ஜனவரி 15 நண்பகலில், ஏறக்குறைய முழுதாக நிரம்பியிருந்த தொட்டி பிளந்தது. 21 பேர் இறந்தார்கள், 150 பேர் அளவில் காயமடைந்தார்கள். யாரோ வெடிகுண்டு வைத்துவிட்டார்கள் என்று நிறுவனம் வாதாடிப் பார்த்தது. விசாரித்தவர் அதை ஏற்காமல், தொட்டியின் பலவீனமே காரணம் என்று 1925-இல் அறிக்கை கொடுத்தார்.

இன்று பெரிய எண்ணெய்த் தொட்டி கட்டினால், படிப்படியாகத் தண்ணீர் நிரப்பி, ஒவ்வொரு நிலையிலும் இணைப்புகளையும் அடித்தளம் இறங்குவதையும் பார்த்த பிறகே எண்ணெய் விடுவார்கள். எண்ணெய் தண்ணீரைவிட லேசு. எனவே சோதனையில் படும் பாரம் பின்னால் என்றும் வராது. பாஸ்டன் தொட்டியில் இது தலைகீழ். அதை முழுக்கத் தண்ணீரால் நிரப்பிச் சோதித்திருந்தாலும், பாகின் பாரத்தில் ஏழில் ஐந்து பங்குதான் சுவருக்குத் தெரிந்திருக்கும். அந்த மிச்ச இரண்டு பங்கைக் கணக்கில்தான் பிடித்திருக்க வேண்டும்.